பள்ளி அறிவிப்பில் ‘ஊனமுற்றோர்’ என்பதற்குப் பதில் என்ன எழுதலாம்?

“பள்ளியைப் பொதுமக்கள் பார்வையிடும் நாளுக்கான அறிவிப்பைத் தமிழில் தட்டச்சு செய்கிறேன். பழைய அறிவிப்பில் ‘ஊனமுற்றோர் கழிப்பறை’, ‘செவிட்டு ஊமை’ என்றெல்லாம் இருக்கிறது. எப்படி மாற்றுவது?”

பொதுவாகக் குறிப்பிட ‘உடற்குறையுள்ளோர்’, ‘சிறப்புத் தேவையுடையோர்’ என்பவை சிங்கப்பூர்ச் செய்திகளில் புழங்குபவை. ‘மாற்றுத்திறனாளி’ தமிழ்நாட்டு அரசு வழக்கு, இங்கும் புரியும். ஆனால் அறிவிப்பில் பாதி இடங்களில் ஆளைக் குறிக்கவே வேண்டியதில்லை, வசதியைச் சொன்னால் போதும்.

பழைய வரி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: “ஊனமுற்றோர் கழிப்பறை முதல் மாடியில். சக்கர நாற்காலியில் முடங்கியோர் பின்வாசலில் வரவும்.”

இப்படி மாற்றலாம்: “சக்கர நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை தரைத்தளத்தில், உணவகத்துக்கு அருகில். படியில்லாத நுழைவாயில் கார் நிறுத்துமிடத்தின் பக்கம்.” இங்கே லெவல் 1 என்பது தரைத்தளம்தான், ‘முதல் மாடி’ என்றால் ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டி மின்தூக்கியைத் தேடுவார்கள். நாற்காலி முடக்குவதில்லை, நடமாட உதவுகிறது. ஆகவே ஆளைச் சொல்ல நேர்ந்தால் ‘பயன்படுத்துவோர்’ என்று எழுதுங்கள்.

‘செவிட்டு ஊமை’யை அடியோடு எடுத்துவிடுங்கள். காது கேளாதவர் பலர் வாயால் பேசுவார்கள், பலர் சைகைமொழியில் பேசுவார்கள். “சைகைமொழிபெயர்ப்பாளர் வேண்டுவோர் முன்கூட்டியே அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்” என்றால் விஷயம் முடிந்தது.

உடற்குறை இல்லாதவர்களைச் ‘சாதாரண மாணவர்கள்’ என்று எழுதியிருந்தால், அதுதான் ரொம்ப உறுத்தும். ‘மற்ற மாணவர்கள்’ போதும். ‘பாதிக்கப்பட்ட’, ‘அவதிப்படும்’ ஆகியவற்றையும் நீக்குங்கள். அச்சுக்கு அனுப்புமுன் அந்த வசதியைப் பயன்படுத்தும் பெற்றோர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். தனக்கு எந்தச் சொல் பிடிக்கும் என்பதை அவரே சொல்லட்டும்.