அரைவட்டக் கேப்பின் ஓரம் பக்கவாட்டில் ஏன் தொங்குகிறது?

"லைனிங் வைத்து அரைவட்டமாகத் தைத்த கேப், ரெண்டு பக்கமும் கீழே தொங்குது. எங்கே தப்பு?"

வெட்டியதில் தப்பில்லை, ஓரத்தை அவசரமாக மடித்ததுதான் தப்பு. பின்நடுவை நேர் இழையில் வைத்தால், தோளுக்குக் கீழே துணி கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழும். கிராஸ் தன் எடையிலேயே நீளும். கடலூரில் ஒரு வாடிக்கையாளருக்கு 75 செ.மீ. நீளத்தில் கம்பளிக் கேப் தைத்தபோது, ரெண்டு ராத்திரி டம்மியில் தொங்கவிட்டேன். பக்கவாட்டில் மட்டும் 3 செ.மீ. இறங்கியிருந்தது! அப்புறம் தரையிலிருந்து ஸ்கேல் வைத்து, சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்பீஸால் குறித்து வெட்டினேன்.

லைனிங்கையும் தனியாகத் தொங்கவிடுங்கள். அதன் ஓரம் மேல்துணியைவிட 2 செ.மீ. குட்டையாக, தனியாக மடித்திருக்கட்டும். ரெண்டையும் ஒன்றாக அடித்துவிட்டால் ஒன்று மற்றதை இழுத்துச் சுருக்கும். தையல்கள் வரும் இடங்களில் மட்டும் 3 செ.மீ. நூல் சங்கிலியால் இணைத்தால் போதும்.

முன்ஓரம் மேலேறி, கழுத்தும் தொண்டையை அழுத்தினால் அது வேறு கதை: கேப் பின்னால் வழுக்குகிறது. தோள் சரிவுக்கு ஏற்ற தையலோ டார்ட்டோ வேண்டும். கழுத்தில் ஒற்றைக் கொக்கி மட்டும் போட்டால் மொத்த எடையும் அங்கேதான் இழுக்கும். அதனால் கீழே ரெண்டு பட்டனாவது வையுங்கள்.

கை விடும் திறப்பை அளவுநாடாவால் முடிவு செய்யாதீர்கள். கேப்பைப் போட்டு, முழங்கையை மடக்கி, மணிக்கட்டு தொடும் இடத்தை நடுவாக வைத்து, முன்பக்கத்து நெடுந்தையலில் 24 செ.மீ. திறந்துவிடுங்கள்.