பாதித் தவணை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை: கடன் எதனால் சீக்கிரம் முடிகிறது?

"அண்ணா, இங்கே வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. வீட்டுக் கடன் எடுக்கலாம்னு இருக்கேன். மாசத் தவணையில பாதியை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கட்டுனா அஞ்சு வருஷம் முன்னாடியே கடன் முடிஞ்சிடும்னு கூட வேலை பாக்கிறவர் சொல்றார். பாதி பாதியா கட்டுனாலும் அதே பணம்தானே? எப்படி சீக்கிரம் முடியும்?"

அதே பணம் இல்லை தம்பி. மாதத்துக்கு நான்கு வாரம் என்று மனசுக்குள் நாம் போடும் கணக்குதான் இங்கே ஏமாற்றுகிறது. ஆண்டுக்கு 52 வாரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 26 முறை கட்டுகிறீர்கள். 26 பாதி சேர்ந்தால் 13 முழுத் தவணை. மாதக் கணக்கில் கட்டுபவர் 12தான் கட்டுகிறார். அந்தப் பதின்மூன்றாவது தவணை உங்கள் கையிலிருந்துதான் போகிறது. சம்பளமும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால், பணம் சிறு சிறு துண்டாகப் போவதால் பெரிதாகத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கடன் 3 லட்சம் டாலர், வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம், காலம் 30 ஆண்டு, வட்டி கடைசிவரை மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 1,798.65 வரும். முதல் மாதம் இதில் 1,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 298.65 மட்டும். முதல் ஆண்டு முழுக்கக் கட்டி முடித்தாலும் அசல் குறைவது ஏறக்குறைய 3,684தான்.

இப்போது பாதி, அதாவது 899.33, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறது. அந்தந்த நாள்வரை சேர்ந்த வட்டியை மற்ற 12 தவணைகளே அடைத்துவிடுவதால், கூடுதலாகப் போகும் அந்த ஒரு தவணைப் பணம் முழுவதும் அசலில் விழுகிறது. அதனால் முதல் ஆண்டு முடிவில் அசல் சுமார் 5,540 குறைந்திருக்கும். கட்டிய பணம் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கூடியது; அசல் கழிவதோ ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. குறைந்த அசலுக்கு அடுத்த ஆண்டு வட்டியும் குறைவு, மிச்சமாகும் வட்டியும் அசலிலேயே கழிகிறது. இப்படியே போனால் 30 ஆண்டுக் கடன் ஏறத்தாழ 24 ஆண்டு 6 மாதத்தில் முடியும். மொத்த வட்டி 3,47,500 கட்ட வேண்டிய இடத்தில் 2,73,000 அளவில் நின்றுவிடும். உங்கள் நண்பர் சொன்ன ஐந்து ஆண்டு பொய்யில்லை.

'பணம் இரண்டு வாரம் முன்னாலேயே போய்ச் சேருவதால்தான் வட்டி குறைகிறது' என்று பலர் விளக்குவார்கள். அதிலும் உண்மை உண்டு, ஆனால் துளியளவுதான். இதே கடனில் ஆண்டுக்குக் கட்டும் தொகையை மாற்றாமல், 12 தவணையையே 26ஆகப் பிரித்து 830.15 வீதம் கட்டிப் பாருங்கள். 30 ஆண்டில் அரை மாதம்தான் குறையும், வட்டியில் மிச்சமாவது 900 டாலர்கூட இல்லை.

இது ஏன் உங்களுக்கு முக்கியம் என்றால், கடன் கொடுப்பவர் 'இரண்டு வாரத் தவணை' என்ற ஒரே பெயரில் இந்த இரண்டில் எதை வேண்டுமானாலும் தரலாம். தவணைத் தொகையைக் கேளுங்கள். மாதத் தவணையில் சரிபாதி என்றால் நீங்கள் தேடுவது அதுதான். மாதத் தவணையை 12ஆல் பெருக்கி 26ஆல் வகுத்த தொகை என்றால் அதில் வேகம் எதுவும் இல்லை. 'மாதம் இருமுறை' என்பதும் அப்படித்தான். 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் பாதி பாதி கட்டினால் ஆண்டுக்கு 24 பாதி, அதாவது அதே 12 தவணை.

அடுத்தது, யாரையும் கேட்காமல் நீங்களாகப் பாதியை அனுப்பத் தொடங்காதீர்கள். ஒப்பந்தம் மாதத் தவணைக்கு என்றால், கெடு தேதியில் பாதிதான் வந்திருக்கிறது என்று பார்த்து அதைத் தவணை தவறியதாக எழுதி, தாமதக் கட்டணம் போட்டுவிடுவார்கள். முதலில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று. பாதித் தொகை வந்த அன்றே கணக்கில் ஏறுமா, அல்லது மறுபாதி வரும்வரை தனியாக நிறுத்தி வைப்பார்களா? கூடுதலாகச் சேரும் பணம் அசலில் கழியுமா? முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதமோ ஆண்டு வரம்போ உண்டா? நிறுத்தி வைத்தாலும், ஆண்டுக்கு ஒரு தவணை அசலில் போய்ச் சேர்ந்தால் பலன் பெரும்பாலும் கிடைத்துவிடும். கூடுதல் பணத்தை 'அடுத்த மாதத் தவணைக்கு முன்பணம்' என்று ஒதுக்கிவைத்தால்தான் சிக்கல். ஸ்டேட்மென்டில் அடுத்த கெடு தேதி ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கும், அசல் பாக்கியோ குறைந்திருக்காது. அதைப் பார்த்தவுடனே 'அசலுக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

சில கடன்களில் முழுக் காலத்துக்கான வட்டியையும் முதல் நாளே கணக்கிட்டு அசலோடு சேர்த்துவிடுவார்கள். அந்த வகையில் எவ்வளவு முந்திக் கட்டினாலும் வட்டி குறைவது கொஞ்சம்தான், சிலவற்றில் குறையவே குறையாது. பாக்கி அசலின் மேல் வட்டி ஓடும் கடனுக்குத்தான் இந்த வழி.

உங்கள் சம்பளம் மாதம் ஒருமுறை வருகிறது என்றால் நான் இதை விடவே சொல்வேன். ஆண்டில் இரண்டு மாதங்களில் மூன்று பாதி பிடித்தம் ஆகும். அந்த மாதம் கணக்கில் பணம் போதாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அபராதத்துக்கே போய்விடும். அதற்குப் பதில் மாதத் தவணையோடு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கூட்டிக் கட்டுங்கள். நம் கணக்கில் அது 149.89. கடன் 24 ஆண்டு ஆறரை மாதத்தில் முடியும், பாதித் தவணை முறைக்கும் இதற்கும் இரண்டு வாரம்போலத்தான் வித்தியாசம். கையில் பணம் இறுகும் மாதத்தில் அந்தக் கூடுதலை நிறுத்திக்கொள்ளவும் முடியும், ஒப்பந்தம் உங்களைக் கட்டாது. இந்தக் காரணத்தாலேயே, இரண்டு வாரத் தவணையை நடத்திக் கொடுக்கிறோம் என்று கட்டணம் கேட்கும் இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்வதை நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

பாதித் தவணையிலேயே சேர்ந்துவிட்டால், முதல் தொகை போன இரண்டொரு நாளில் அசல் பாக்கியைத் திறந்து பாருங்கள். நம் கணக்கில் 899.33இல் 692.31 வட்டிக்குப் போய், 207.02 அசலில் கழிந்து, பாக்கி 2,99,792.98 என்று காட்ட வேண்டும். நாள் கணக்கில் வட்டி போடுபவரிடம் சில்லறையில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இன்னும் 3,00,000 என்றே நின்றால் பணம் எங்கோ காத்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.