கோடு முழுக்க இருக்கு, நெட் மட்டும் நகரலை: கேள்வி பதில்

"திருவிழாவில் சிக்னல் கோடு முழுசா இருந்தது. ஒரு போட்டோகூடப் போகலை. கோடு பொய் சொல்லுதா?"

பொய் இல்லை. டவரின் அலை எவ்வளவு பலமாக உங்களை எட்டுகிறது என்பதை மட்டும்தான் கோடு காட்டும். அந்த அலையை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதைக் காட்டாது.

ஒரு டவர் பெரும்பாலும் மூன்று திசைக்கு மூன்று செக்டராகப் பிரிந்திருக்கும். உங்கள் பக்கம் நிற்கும் எல்லோருக்கும் ஒரே செக்டர்தான். அப்லோடுக்கான இடம் அதில் இன்னும் குறைவு, கூட்டமோ வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் அடைபடுவது அப்லோடுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செக்டரின் அப்லோடு நொடிக்கு 20 மெகாபிட், ஒரே நேரத்தில் அனுப்புவோர் 400 பேர் என்று வையுங்கள். தலைக்கு 50 கிலோபிட். 4 எம்பி போட்டோ போக பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் ஆப் 'தோல்வி' என்று கைவிட்டுவிடும். அதே படத்தை 200 கேபிக்குச் சுருக்கினால் அரை நிமிடம்தான்.

"ஏரோப்ளேன் மோட் போட்டு எடுத்தா சரியாயிடும். நான் எப்பவும் அதான் செய்வேன்."

பாதி சரி. புதிதாக இணையும்போது போன் வேறு அலைவரிசையில் போய் உட்கார்ந்தால் தப்பித்தீர்கள். ஆனால் இணைவதற்கே டவரிடம் அனுமதி கேட்க வேண்டும், அந்த வாசலிலும் நெரிசல். அனுமதி கேட்க போன் ஒரு அழைப்புக் குறியை எடுத்து அனுப்பும், 4ஜியில் ஒரு செக்டருக்கு அந்தக் குறிகள் மொத்தமே 64. இரண்டு பேர் ஒரே குறியை எடுத்தால் மோதல், மறுபடி முயல வேண்டும். ஒருமுறை செய்து பாருங்கள், விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள்.

"பாதுகாப்புக்காக ஜாமர் போடுறாங்கன்னு சொல்றாங்களே?"

ஜாமர் ஓடினால் கோடே விழும், அழைப்பும் போகாது. கோடு நிற்கிறது, நெட் இழுக்கிறது என்றால் நெரிசல் என்றே நினைப்பேன்.

"ஸ்டேடியத்துல பக்கத்து சீட்டுக்காரருக்கு வேற சிம், அவருக்கு ஓடுது. எனக்கு மட்டும் ஏன்?"

அவருடைய நிறுவனம் உள்ளேயே சின்ன ஆன்டெனாக்களை நிறையப் பொருத்தியிருக்கலாம். ஒவ்வொன்றும் சில வரிசை இருக்கைகளுக்குத்தான் என்பதால் பங்காளிகள் குறைவு. இரண்டாவது சிம் இருந்தால் டேட்டாவை அதற்கு மாற்றிப் பாருங்கள். 5ஜியை அணைத்து 4ஜியில் விட்டால் வேகம் கூடுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், அங்கேயே முயன்றுதான் பார்க்க வேண்டும்.

"சரி, கூட்டத்துல பிரிஞ்சு போனா என்ன பண்றது?"

எஸ்எம்எஸ் அனுப்புங்கள். சாட் ஆப் சுற்றிக்கொண்டிருக்கும்போதும் அது பெரும்பாலும் போய்ச் சேரும். தமிழில் என்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிதான், 'கிழக்கு வாசல், கொடிக்கம்பம்' என்று சுருக்கமாக எழுதுங்கள். டிக்கெட், வரைபடம் இரண்டையும் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், போட்டோ தானாக பேக்கப் ஆவதை நிறுத்துங்கள். பையில் கிடக்கும் உங்கள் போனே உங்களுடைய 50 கிலோபிட்டைத் தின்றுகொண்டிருக்கும்.