சால்மோனெல்லா என்று ரிப்போர்ட், டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதவில்லை

“காங்கேயத்தில் கறி விருந்து சாப்பிட்டு நாலு நாள் ஆச்சுங்க. வயது 32, வேறு நோய் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன வயிற்றுப்போக்கு இப்போது மூன்று, காய்ச்சல் இல்லை. மல கல்ச்சரில் சால்மோனெல்லா கிருமி. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடலாமா?”

வேண்டாங்க, டாக்டர் செய்தது சரி. முதலில் ரிப்போர்ட்டில் ‘டைஃபி’ அல்லது ‘பாராடைஃபி’ என்று இருக்கிறதா பாருங்கள். அது டைபாய்டு வகை, ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் இது குடலோடு நிற்கும் வகை. ஆரோக்கியமானவருக்கு மாத்திரை போட்டாலும் வயிற்றுப்போக்கு சீக்கிரம் நிற்பதில்லை. குடலின் நல்ல கிருமிகள் அழிவதால், சால்மோனெல்லா மலத்தில் வெளியேறும் காலம் நீளவும் கூடும்.

இதே மாதிரி வயிற்றுப்போக்கு தரும் இன்னொரு கிருமியான காம்பைலோபாக்டராக இருந்தால் கணக்கு கொஞ்சம் வேறு. முதல் மூன்று நாளுக்குள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கினால் வயிற்றுப்போக்கு சுமார் ஒரு நாள் குறையும். கல்ச்சர் முடிவு வருவதற்குள் பெரும்பாலும் அந்த நேரம் தாண்டிவிடும்.

நம்ம பக்கம் இளநீரையே நம்பிவிடுகிறோம். அதில் சோடியம் குறைவு. ஒரு லிட்டர் பாக்கெட் ஓஆர்எஸ்ஸை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்.

காய்ச்சல் திரும்பினால், நடுக்கம், மலத்தில் ரத்தம், தலைசுற்றல், சிறுநீர் குறைவு என்று எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். கிருமி ரத்தத்தில் இறங்கியதா என்று பார்த்து, தேவைப்பட்டால் அப்போது ஆன்டிபயாடிக் தருவார்கள். அதே விருந்தில் சாப்பிட்ட முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.