செயல்திட்டப் பாடத்துக்கு முன் பெற்றோருக்கு என்ன எழுதி அனுப்புவது? கேள்வி பதில்

ஐந்தாம் வகுப்புக்கு 'சொட்டும் குழாய்' என்று ஒரு செயல்திட்டம் வைத்திருக்கிறேன். போன முறை ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பினேன், யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. எதில் தொடங்குவது டீச்சர்?

பிள்ளைகள் விடை தேடப்போகும் கேள்வியில் தொடங்குங்கள்: "சொட்டும் குழாயில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது?" செயல்திட்ட முறை என்றால் என்ன என்ற விளக்கத்தில் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே கண் நழுவிவிடும். பெற்றோர் தேடுவது மூன்றே விஷயம்: என்ன வாங்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும், நான் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும். அவை கேள்விக்கு அடுத்தபடியாகவே வரட்டும்.

நோக்கங்களைப் பாடத்திட்டத்தில் உள்ள வார்த்தைகளிலேயே எழுதுவதுதானே முறை? தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டுமே.

பாதி சரி. உங்கள் பாடக்குறிப்பில் அந்த வார்த்தைகள் இருக்கட்டும், கையெழுத்து அதில் வாங்குங்கள். வீட்டுக்குப் போகும் தாளில் "அளவீட்டுத் திறனை மேம்படுத்துதல்" என்றிருந்தால், அது நடந்ததா என்று அம்மாவால் பார்க்க முடியாது. "10 நிமிடத்தில் சேர்ந்த தண்ணீரை வைத்து ஒரு நாள் கணக்குப் போடுவார்கள்" என்றால் முடியும். நோக்கம் ஒன்றுதான், கண்ணால் பார்க்கிற மாதிரி சொல்கிறோம். இரண்டு போதும்.

ஒரு மாதிரி எழுதிக் காட்ட முடியுமா?

இந்தப் பாடத்துக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"அன்புள்ள பெற்றோருக்கு, திங்கட்கிழமை முதல் இரண்டு வாரம், சொட்டும் குழாயில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கப் போகிறார்கள். மில்லிலிட்டரை லிட்டராக மாற்றவும், தாங்கள் எடுத்த அளவுகளை வைத்து ஒரு முடிவைச் சொல்லவும் பழகுவார்கள். எதுவும் வாங்க வேண்டாம், அளவுக்குவளை நாங்கள் தருகிறோம். வீட்டு வேலை ஒன்றுதான்: புதன்கிழமைக்குள், குழாயடியில் 10 நிமிடம் குவளையை வைத்து, சேர்ந்த அளவை நோட்டில் எழுத வேண்டும். இப்படி மூன்று முறை. நீங்கள் கடிகாரம் பார்த்து உதவலாம். அளப்பதும் எழுதுவதும் பிள்ளையே செய்யட்டும். கணக்கை வகுப்பில் போடுவோம்."

கணக்கை ஏன் வகுப்புக்கு வைத்தேன் என்றால், இடறுவது அங்கேதான். 10 நிமிடத்தில் 25 மில்லி என்றால் ஒரு மணிக்கு 150, ஒரு நாளைக்கு 3,600 மில்லி, அதாவது 3.6 லிட்டர். பலர் 25-ஐ நேராக 24-ஆல் பெருக்கி 600 என்பார்கள். வீட்டில் யாராவது திருத்தி அனுப்பிவிட்டால், அந்தக் குழப்பம் என் கண்ணில் படாமலே போய்விடும்.

நான் ஆசிரியர் இல்லை, அப்பா. என் மகனுக்கு எரிமலை மாதிரியை ராத்திரி ஒரு மணி வரை நான்தான் செய்தேன். இதுவும் கடைசியில் எங்கள் தலையில்தானே சார்?

சார் இல்லை, மேடம்! இதில் செய்து கொடுக்கும் பொருளே இல்லை, நோட்டில் மூன்று எண்கள்தான். எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று உங்களுக்கு யாரும் எழுதி அனுப்பியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் குறிப்பு. பிள்ளை அளந்தால் 22, 27, 24 என்று முன்பின்னாக வரும். 25, 25, 25 என்று வந்தால் ஒரே ஒரு முறை அளந்திருக்கலாம், அல்லது அளக்கவே இல்லை. அப்போதும் திட்ட மாட்டேன், வகுப்பிலேயே ஒரு முறை அளந்து காட்டச் சொல்வேன்.

பல வருடமாக இதைச் செய்கிறேன். குழாய் சொட்டாத வீடு, பொதுக்குழாயில் பிடிக்கிற வீடு, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெற்றோர்... உங்கள் மாதிரிக் குறிப்பில் இவர்களுக்கு இடமில்லையே?

உண்மைதான். "குழாயைச் சொட்டு விழும் அளவுக்கு லேசாகத் திறந்து வைத்தும் அளக்கலாம். வீட்டில் அளக்க முடியாதவர்கள் பள்ளிக் குழாயில் அளக்கலாம்" என்று சேர்க்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, அது முக்கியம். சேர்ந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒரு பாட்டி சண்டைக்கு வருவார், நியாயமாகவே. படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குக் குறிப்பை அப்படியே வாசித்து ஒரு நிமிடக் குரல் செய்தியாக அனுப்பலாம். பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் "மேடம் குவளை கேட்டாங்க" என்பது மட்டும்தான் போய்ச் சேரும்.

வீட்டு வேலைக்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்று குறிப்பில் போட வேண்டுமா?

போட வேண்டும், இல்லாவிட்டால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கொடுக்கலாமா என்பதில் எங்கள் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வீட்டுச் சூழலுக்கு மதிப்பெண் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று நான் கொடுப்பதில்லை, வகுப்பில் போடும் கணக்குக்கும் விளக்கத்துக்கும் மட்டும்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் 2 மதிப்பெண் கொடுக்கிறார். அவர் வகுப்பில் நோட்டுகள் நேரத்துக்கு வந்துவிடுகின்றன, என் வகுப்பில் வெள்ளிக்கிழமை வரை துரத்த வேண்டியிருக்கிறது.