உரிமைக் குழு நோட்டீஸ் வந்தால் நேரே நீதிமன்றம் போகலாமா?

“மாத இதழ் ஒன்று நடத்துகிறேன். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. பற்றி எழுதிய கட்டுரைக்கு, உரிமை மீறல் என்று சட்டமன்ற உரிமைக் குழு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கருத்துச் சுதந்திரம் அடிப்படை உரிமைதானே? கோர்ட்டில் ரத்து செய்ய முடியுமா?”

முதலில் குழுவுக்குப் பதில் கொடுங்கள். நோட்டீஸ் கட்டத்திலேயே தலையிட நீதிமன்றங்கள் பெரும்பாலும் தயங்கும். தவிர, கருத்துச் சுதந்திரம் என்ற வாதம் இங்கே நீங்கள் நினைக்கிற அளவு பலமானதல்ல. அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய பேச்சை வெளியிட்டதற்காக பாட்னாவின் ‘சர்ச்லைட்’ நாளிதழ் மீது பீகார் சட்டமன்றம் நடவடிக்கை எடுத்தது. அந்த வழக்கில், அரசமைப்பின் 194(3) பிரிவு தரும் சட்டமன்றச் சிறப்புரிமைக்கு முன்னால், கருத்துச் சுதந்திரம் தரும் 19(1)(அ) பிரிவு வழிவிட வேண்டும் என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் நீதிமன்றக் கதவு மூடியிருக்கிறதா? இல்லை. கோரக்பூர் கேசவ் சிங் வழக்கைப் பாருங்கள். ஒரு எம்.எல்.ஏ. மீது ஊழல் புகார் சொல்லும் துண்டுப் பிரசுரத்துக்காக உத்தரப் பிரதேச சட்டமன்றம் கேசவ் சிங்கைக் கண்டிக்க அழைத்தது. 1964 மார்ச் 14 அன்று அவைக்குக் கொண்டுவரப்பட்டவர், சபாநாயகருக்கு முதுகைக் காட்டி நின்றார். ஏழு நாள் சிறை. 19-ஆம் தேதி லக்னோ அமர்வின் இரண்டு நீதிபதிகள் அவருக்கு ஜாமீன் கொடுத்தார்கள். உடனே சட்டமன்றம் அந்த நீதிபதிகளையே காவலில் எடுத்து அவைக்குக் கொண்டுவரத் தீர்மானம் போட்டது! அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 28 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து அதை நிறுத்தி வைத்தார்கள். விவகாரம் குடியரசுத் தலைவர் வழியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏழு பேரில் ஆறு நீதிபதிகள் சொன்னது: சட்டமன்றம் சிறைக்கு அனுப்பினாலும், உயிர் மற்றும் தனிநபர் சுதந்திரத்துக்கான 21-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதை விசாரிக்கலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1965-இல் கேசவ் சிங்கின் மனுவை அலகாபாத் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மீதியிருந்த ஒரு நாளையும் அவர் சிறையில் கழித்தார். விசாரிக்க அதிகாரம் உண்டு என்பது வேறு, உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரும் என்பது வேறு.

2007-இல் ராஜா ராம் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. நடைமுறையில் சிறு பிசகு இருந்தது என்பதற்காக நீதிமன்றம் உள்ளே வராது. அப்பட்டமான சட்டமீறல், அரசமைப்புக்கு விரோதமான செயல் இருந்தால் வரும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? புகாரின் நகலையும் பதிலுக்கு அவகாசத்தையும் எழுத்தில் கேளுங்கள். கேட்டும் தராமல் தண்டித்தால், பின்னால் 21-ஆம் பிரிவைப் பிடித்து வாதாட அந்தக் கடிதம்தான் ஆதாரம். அப்புறம் கட்டுரையை வரிவரியாகப் படியுங்கள். எம்.எல்.ஏ.வின் நிலம், வியாபாரம் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அது அவை சார்ந்த நடத்தை அல்ல, உரிமை மீறல் ஆகாது என்று அழுத்திச் சொல்லுங்கள். அவை நடவடிக்கையை உள்ளபடி, தீய நோக்கமின்றி வெளியிட்டிருந்தால் சிவில், குற்ற வழக்குகளிலிருந்து 361அ பிரிவு பாதுகாக்கும்; ஆனால் அவையின் உரிமை மீறல் நடவடிக்கைக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். கைது உத்தரவு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், ரிட் மனு போடுங்கள். 2003 நவம்பரில் ‘தி இந்து’ பத்திரிகையாளர்களுக்குத் தமிழகச் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தபோது, மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை கொடுத்தது.