செக்கு நிற்கும் நாள்

வணக்கம் ஐயா,

காங்கேயம் பக்கம் ஆறு பேர் சேர்ந்து மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். லேபிள் வடிவமைப்பவர் 'பிராண்ட் மேனிஃபெஸ்டோ' எழுதித் தரச் சொல்கிறார். "தூய்மையே எங்கள் மூச்சு. ரசாயனமற்ற, பாரம்பரியம் மாறாத எண்ணெய். வாடிக்கையாளர் எங்கள் குடும்பம்" என்று எழுதினோம். படிக்க எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. எப்படித் திருத்துவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'குடும்பம்' என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். குடும்பத்தாரிடம் யாரும் லிட்டருக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை.

வம்பில் மாட்டிவிடக்கூடியது 'ரசாயனமற்ற'. கடலையை ஏலத்தில் எடுக்கிறீர்கள் என்றால், அது பல காடுகளிலிருந்து வந்தது. யார் என்ன மருந்து அடித்தார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கொட்டகைக்குள் நடப்பது மட்டும்தான் தெரியும். அதை எழுதுங்கள்: "கடலையோடு நாங்கள் எதையும் சேர்ப்பதில்லை. எள்ளோடு கருப்பட்டி சேர்க்கிறோம். கருப்பட்டிக்குப் பதில் வெல்லம் போட்ட எண்ணெய் என்றால் பாட்டிலிலேயே சொல்லிவிடுவோம்." கருப்பட்டி விலை ஏறும்போது இந்த வரி உங்களைக் கடிக்கும். கடிக்கட்டும்.

'தூய்மை' என்பதற்கு உங்கள் தொழிலில் உருப்படியான பொருள் ஒன்று உண்டு. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். ஆலையில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். செக்கில் அந்தப் படியே கிடையாது. எண்ணெயைத் தெளியவைத்தாலும் நச்சு முழுக்கப் போகாது. ஆகவே உங்கள் தூய்மை, பருப்பு பொறுக்கும் இடத்தில்தான் இருக்கிறது. "பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைக் கையால் பொறுக்கிய பிறகே ஆட்டுவோம்" என்று எழுதலாம். 'நச்சு அறவே இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். பொறுக்கினால் வெகுவாகக் குறையும், அவ்வளவுதான். ஒவ்வொரு லாட்டுக்கும் ஆய்வக அறிக்கை வாங்கினால் அப்புறம் அதைப் பற்றிப் பேசலாம்.

வாக்குறுதிக்கு எல்லை சொல்வதில் வெட்கம் வேண்டாம். இங்கிலாந்தின் ஜான் லூயிஸ் கடை, தங்களைவிடக் குறைந்த விலைக்கு வேறு கடையில் கிடைத்தால் ஈடுகட்டுவோம் என்று 1925 முதல் சொல்லிவந்தது. இணையத்தில் மட்டும் விற்பவர்களை அதில் சேர்க்கவில்லை. ஜனங்கள் அங்கே வாங்கப் பழகியதும் அந்த வாக்குக்கு அர்த்தம் தேய்ந்தது, 2022-இல் கைவிட்டார்கள். 2024-இல் மீண்டும் கொண்டுவந்தபோது, 25 கடைகளோடுதான் ஒப்பிடுவோம் என்று வரையறுத்துக்கொண்டார்கள்.

சரி, அச்சுக்குக் கொடுக்கும் முன் தீபாவளிக்கு முந்தைய வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் குவிந்து கிடக்கிறது, பொறுக்கும் பெண்களில் பாதிப்பேர் லீவு. பொறுக்காத மூட்டையைச் செக்கில் கொட்டச் சொல்லி உங்களில் ஒருவர் அவசரப்படுத்துகிறார். பொறுக்குகிற அக்கா 'வேண்டாம்' என்றால் செக்கு நிற்குமா? இதை ஆறு பேரும் அவர் எதிரிலேயே பேசி முடிவு செய்யுங்கள். நிற்கும் என்றால் பொறுக்கும் வரியை லேபிளில் போடுங்கள். இல்லையென்றால் கருப்பட்டி வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், லேபிளில் இடமும் மிச்சம்.